முதல்நிலைச் சான்றா, இரண்டாம்நிலைச் சான்றா? வரலாற்று மாணவர்களுக்கான தொடக்க நிலை வினாத்தாள்

பாடம்: வரலாற்றுச் சான்றுகள், ஓர் அறிமுகம் (முதலாமாண்டு, முதல் பருவம்)
நேரம்: 45 நிமிடம். மொத்த மதிப்பெண்: 20

விடை எழுதத் தொடங்குமுன் இதைப் படிக்கவும்.

ஆராயப்படும் காலத்திலேயே உருவான பொருள், ஆவணம், எழுத்து ஆகியவை முதல்நிலைச் சான்றுகள். நிகழ்வில் பங்கேற்றவரோ அதை நேரில் கண்டவரோ பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதினாலும் அதுவும் முதல்நிலைச் சான்றே. இத்தகைய சான்றுகளைப் பிற்காலத்தவர் திரட்டி, ஒப்பிட்டு, விளக்கியும் மதிப்பிட்டும் எழுதுபவை இரண்டாம்நிலைச் சான்றுகள். ஒவ்வொரு வினாவிலும் ஓர் ஆய்வுக் கேள்வி கொடுக்கப்பட்டுள்ளது. அதைப் படிக்காமல் சான்றின் பெயரை மட்டும் பார்த்து விடை எழுத முடியாதபடிதான் இத்தாள் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சான்று பழையது என்பதோ, கையெழுத்தில் இருக்கிறது என்பதோ விடைக்குக் காரணமாக ஏற்கப்படாது.

பகுதி அ (6 × 1 = 6)

முதல்நிலைச் சான்றாயின் "மு" என்றும், இரண்டாம்நிலைச் சான்றாயின் "இ" என்றும் எழுதுக.

1. ஆய்வுக் கேள்வி: பத்தாம் நூற்றாண்டில் ஊர்ச்சபை உறுப்பினர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர்? சான்று: உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை முறையை விவரிக்கும், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு.

2. அதே ஆய்வுக் கேள்வி. சான்று: அக்கல்வெட்டை வேறு ஊர்களின் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு இக்காலப் பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை.

3. ஆய்வுக் கேள்வி: ரோமப் பேரரசு ஏன் வீழ்ந்தது? சான்று: 1776ஆம் ஆண்டில் முதல் தொகுதி வெளிவந்த, எட்வர்டு கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய வரலாறு.

4. ஆய்வுக் கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர்கள் சமயத்தையும் பேரரசையும் எவ்வாறு நோக்கினர்? சான்று: மேற்கண்ட கிப்பனின் நூலே.

5. ஆய்வுக் கேள்வி: பண்டைத் தென்னிந்தியாவுக்கு ரோமானிய உலகத்தோடு வணிகத் தொடர்பு இருந்ததா? சான்று: தென்னிந்தியாவில் புதையல்களாகக் கிடைத்துள்ள ரோமானிய வெள்ளி, பொன் நாணயங்கள்.

6. ஆய்வுக் கேள்வி: 1666ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீ நகர மக்களை எவ்வாறு பாதித்தது? சான்று: அப்போது அந்நகரில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பு.

பகுதி ஆ (4 × 2 = 8)

மிகப் பொருத்தமான விடையைத் தேர்ந்து, காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக. தேர்வுக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு ஒரு மதிப்பெண்.

7. மௌரியர் அரசவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் எழுதிய நூல் இன்று கிடைக்கவில்லை. ஸ்ட்ராபோ, அரியன் முதலிய பிற்கால ஆசிரியர்கள் அதிலிருந்து எடுத்தாண்ட பகுதிகள் வாயிலாகவே அதை அறிகிறோம். சந்திரகுப்த மௌரியரின் ஆட்சியை ஆராய்பவருக்கு அரியனின் நூல் எத்தகையது?
(அ) முதல்நிலைச் சான்று, ஏனெனில் அது மிகப் பழைய நூல்.
(ஆ) இரண்டாம்நிலைச் சான்று, ஆனால் தொலைந்துபோன ஒரு முதல்நிலைச் சான்றின் பகுதிகளைத் தாங்கி நிற்பது.
(இ) மூல நூல் இல்லாததால் எவ்வகையிலும் பயன்படாதது.

8. 1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. அப்போது புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அது குறித்த செய்திகளை எழுதினார். "முற்றுகையின்போது சென்னைக் கோட்டைக்குள் என்ன நடந்தது?" என்று ஆராய்பவர் அந்த நாட்குறிப்பை எவ்வாறு கொள்ள வேண்டும்?
(அ) நேரில் கண்டவரின் சாட்சியமாக.
(ஆ) அக்காலத்திலேயே எழுதப்பட்ட, ஆனால் பிறர் வழிக் கேட்டறிந்த செய்தியாக.
(இ) பிற்கால வரலாற்றாசிரியரின் விளக்கமாக.

9. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதிகளின் ஆட்சியுரிமையைப் போப்பாண்டவருக்கு வழங்கியதாகக் கூறும் ஆவணம் பல நூற்றாண்டுகளுக்குப் பின் புனையப்பட்டது என்பதை 1440ஆம் ஆண்டில் லொரென்சோ வல்லா மெய்ப்பித்தார். அந்தப் போலி ஆவணம் எந்த ஆய்வுக் கேள்விக்கு முதல்நிலைச் சான்றாகும்?
(அ) கான்ஸ்டன்டைன் போப்பாண்டவருக்கு என்னென்ன வழங்கினார்?
(ஆ) இடைக்காலத் திருச்சபை தன் அதிகாரத்துக்கு எத்தகைய ஆதாரங்களைக் காட்டியது?
(இ) போலி என்பதால் எந்தக் கேள்விக்கும் ஆகாது.

10. பொ.ஆ. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இளைய பிளினிக்கு வயது 17. அவர் மிசேனத்தில் தாயுடன் தங்கியிருந்தார். அவருடைய மாமா மூத்த பிளினி கப்பலில் வளைகுடாவைக் கடந்து சென்று அங்கேயே இறந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் இரண்டு நிகழ்வுகளைப் பற்றியும் பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதங்கள் எழுதினார். பின்வருவனவற்றுள் எது சரி?
(அ) இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதியதால் இரண்டுமே இரண்டாம்நிலைச் சான்றுகள்.
(ஆ) ஒரே ஆசிரியர் எழுதியதால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு.
(இ) மிசேனத்தில் நடந்ததற்கு அவர் நேரில் கண்ட சாட்சி. மாமாவின் இறுதி நேரத்துக்குப் பிறர் கூறியதைக் கேட்டு எழுதியவர்.

பகுதி இ (6 மதிப்பெண்)

11. கீழ்க்காணும் விவரத்தைப் படித்து வினாக்களுக்கு விடையளிக்க.

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ராபர்ட் சூவெல், விஜயநகரப் பேரரசைப் பற்றி 1900ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் முற்பகுதி பேரரசின் வரலாற்றைச் சூவெல் தாமே எழுதியது. பிற்பகுதியில் போர்ச்சுக்கீசியர் இருவரின் குறிப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. டொமிங்கோ பாயஸ், கிருஷ்ணதேவராயரின் ஆட்சிக்காலத்தில் தலைநகருக்கு வந்தவர். மன்னரின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்ததைக்கூட அவர் எழுதியிருக்கிறார். குதிரை வணிகரான ஃபெர்னாவ் நூனிஸ் 1535 வாக்கில் அங்கிருந்தவர். அவர் பேரரசின் தோற்றம் முதல் தம் காலம் வரையிலான வரலாற்றை எழுதியதோடு, 1520இல் நடந்த ராய்ச்சூர்ப் போருக்குக் கிருஷ்ணதேவராயர் 7,03,000 காலாட்படையினரைத் திரட்டினார் என்றும் குறித்தார்.

(அ) நூலின் முற்பகுதி, விஜயநகர வரலாற்றை ஆராய்பவருக்கு எவ்வகைச் சான்று? (1)
(ஆ) கிருஷ்ணதேவராயரின் தோற்றத்தை அறியப் பாயஸின் குறிப்பு எவ்வகைச் சான்று? மொழிபெயர்ப்பில் படிப்பதால் வகை மாறுமா? (1)
(இ) பதினான்காம் நூற்றாண்டில் பேரரசு தோன்றியதை அறிய நூனிஸை எவ்வாறு பயன்படுத்துவீர்கள்? (2)
(ஈ) "நூனிஸின் நூல் முதல்நிலைச் சான்று, ஆகவே படை எண்ணிக்கையை அப்படியே ஏற்கலாம்." இக்கூற்றை மறுத்தோ ஏற்றோ எழுதுக. (2)

விடைகளும் விளக்கங்களும்
(தாள்களைத் திரும்பப் பெற்ற பின்னரே மாணவர்களுக்கு வழங்கப்படும்.)

1. மு. 2. இ. கல்வெட்டின் மைப்படியைப் பார்த்து எழுதியிருந்தாலும் கட்டுரை இரண்டாம்நிலைதான். மைப்படி மட்டும் தனியே கொடுக்கப்பட்டிருந்தால், அது கல்லிலுள்ள எழுத்தை அவ்வாறே காட்டும் படி என்பதால், அதை முதல்நிலைச் சான்றாகவே கொள்ளலாம்.

3. இ. 4. மு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூல் ஒன்றே, கேள்வி மாறியதால் வகை மாறியது. ரோமின் வீழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய கிப்பன் அந்த நிகழ்வைப் பொறுத்தவரை விளக்கம் சொல்பவர். தம் காலத்து ஆங்கிலச் சிந்தனையைப் பொறுத்தவரை அவரே சான்று. மூன்றுக்குச் சரியாக எழுதி நான்குக்குத் தவறவிட்டவர்கள் நூலுக்கு ஒரு முத்திரை குத்திவிட்டுக் கேள்வியை மறந்தவர்கள்.

5. மு. எழுத்து வடிவில் இருப்பது மட்டுமே சான்று என்று நினைத்து இதைத் தவறாக எழுதுவோர் உண்டு. நாணயம், பானை ஓடு, கட்டடம் ஆகிய அனைத்தும் சான்றுகளே.

6. மு.

7. (ஆ). பழமை, நிகழ்வுக்கு நெருக்கமாக இருப்பதைக் குறிக்காது. அரியன் பொ.ஆ. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மெகஸ்தனிஸுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உள்ளன. எனினும், மூல நூல் மறைந்துவிட்ட நிலையில் அரியனை ஒதுக்கிவிட முடியாது. எடுத்தாளப்பட்ட பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எடுத்தாண்டவர் எதை விட்டிருக்கலாம் என்னும் ஐயங்களோடுதான் படிக்க வேண்டும். இவ்வாறு காரணம் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

8. (ஆ). புதுச்சேரியில் என்ன பேசப்பட்டது, எந்தச் செய்தி எப்போது வந்தது என்பவற்றுக்கு இந்த நாட்குறிப்பு முதல்நிலைச் சான்று. கோட்டைக்குள் நடந்ததைப் பிள்ளை பார்க்கவில்லை. "அக்காலத்தது, ஆனால் செவிவழி அறிந்தது" என்ற பொருள் வரும் எந்தக் காரணமும் ஏற்கத்தக்கது. நாட்குறிப்பு என்ற பெயரைக் கண்டதுமே (அ) என்று எழுதுவதுதான் இவ்வினாவில் பரவலாக நேரும் பிழை.

9. (ஆ). ஆவணத்தை உருவாக்கியவர்கள் எதை உலகம் நம்ப வேண்டும் என்று விரும்பினார்களோ, அதற்கு அந்தப் போலியைவிட நேரான சான்று வேறில்லை. (இ) எழுதியவர்களுக்குத் தேர்வுக்கான மதிப்பெண் கிடையாது. "போலி, கான்ஸ்டன்டைனைப் பற்றி எதுவும் சொல்லாது" என்று காரணம் எழுதியிருந்தால் காரணத்துக்கு அரை மதிப்பெண் வழங்கலாம்.

10. (இ). கால் நூற்றாண்டு இடைவெளி நினைவைப் பிறழச் செய்யலாம். ஆயினும் அது சாட்சியை வரலாற்றாசிரியராக மாற்றிவிடாது. ஒரே ஆசிரியரின் எழுத்தில்கூட அவர் கண்டதையும் கேட்டதையும் வரிவரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

11. (அ) இரண்டாம்நிலைச் சான்று.

(ஆ) முதல்நிலைச் சான்று. மொழிபெயர்ப்பால் வகை மாறாது. சொற்களின் நுட்பமான பொருளை வைத்து வாதிடுபவர் போர்ச்சுக்கீசிய மூலத்தைப் பார்த்தாக வேண்டும் என்று கூடுதலாக எழுதியவர்களைப் பாராட்டலாம், தனி மதிப்பெண் இல்லை.

(இ) பேரரசின் தோற்றத்துக்கும் நூனிஸுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உள்ளன. எனவே அத்தோற்றத்தைப் பொறுத்தவரை அவர் கேட்ட கதைகளைத் தொகுத்தவர். அப்பகுதியை அக்காலக் கல்வெட்டுகளோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது (1). அதே பகுதி, 1530களில் விஜயநகரத்தார் தம் அரசின் தொடக்கத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு முதல்நிலைச் சான்றாகும் (1). இரண்டாவது பாதியை எட்டுபவர்கள் சிலராகவே இருப்பர். முதல் பாதியைத் தெளிவாக எழுதியவர்களின் தாளைத் திருத்தும்போது கடுமை வேண்டாம்.

(ஈ) கூற்றை மறுக்க வேண்டும். முதல்நிலை என்பது சான்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. சொல்வது உண்மையா என்பதை அது தீர்மானிப்பதில்லை (1). நூனிஸ் தலைநகரில் இருந்ததாக அறியப்படுவது போருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் என்பதையோ, ஏழு லட்சம் பேருக்கும் அவர்களுடைய விலங்குகளுக்கும் நாள்தோறும் உணவும் நீரும் எவ்வாறு கிடைத்திருக்கும் என்ற கேள்வியையோ, வெற்றிபெற்ற தரப்பின் வாய்மொழியில் எண்கள் பெருகுவதையோ எடுத்துக்காட்டியவர்களுக்கு மீதி ஒரு மதிப்பெண்.