மின்காந்த அலைமாலை: மேலிருந்து கீழே படிக்கவும்

ரேடியோ அலை: 1 மீட்டருக்கு மேல்
நுண்ணலை: 1 மீட்டர் – 1 மில்லிமீட்டர்
அகச்சிவப்பு: 1 மில்லிமீட்டர் – 700 நானோமீட்டர்
கண்ணுக்குத் தெரியும் ஒளி: 700 – 400 நானோமீட்டர்
புற ஊதா: 400 – 10 நானோமீட்டர்
எக்ஸ் கதிர்: 10 – 0.01 நானோமீட்டர்
காமா கதிர்: அதற்கும் கீழே

இங்கே இருப்பவை அலைநீளங்கள். எல்லைகள் தோராயமானவை, எக்ஸ் கதிரும் காமா கதிரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். எலக்ட்ரான்களிடமிருந்து வந்தால் எக்ஸ், அணுக்கருவிலிருந்து வந்தால் காமா என்று பிறப்பிடத்தை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. சில புத்தகங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அதுவும் தவறில்லை.

ஏழும் ஒரே வகை அலைதான். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். வேகம் மாறாததால், அலைநீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடியே ஆக வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம் அலையின் நீளம் 3 மீட்டர். பச்சை ஒளிக்கு அது சுமார் 550 நானோமீட்டர். இரண்டையும் ஒரே அளவுகோலில் வரைய நினைத்தால், பச்சையை 1 மில்லிமீட்டராக வைத்தாலும் எஃப்.எம் அலைக்கு ஐந்தரை கிலோமீட்டர் நீளத் தாள் வேண்டும்! அதனால்தான் இப்படிப்பட்ட படங்களில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. கண்ணுக்குத் தெரியும் பட்டை உண்மையில் அதில் ஒரு கீற்றுதான். வானவில் நிறங்களைக் காட்டுவதற்காகப் பெரும்பாலும் அகலமாக வரைந்துவிடுகிறார்கள்.

சரி, வரிசையில் கீழே போகப் போக என்ன கூடுகிறது? ஒவ்வொரு ஃபோட்டானிலும், அதாவது ஒளியின் ஒவ்வொரு துகளிலும், இருக்கும் ஆற்றல். அதை அளக்கும் சிறிய அலகு எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானில் சுமார் 2.25 எலக்ட்ரான் வோல்ட். 0.02 நானோமீட்டர் எக்ஸ் கதிரில் ஏறத்தாழ 60,000. எஃப்.எம் ஃபோட்டானில் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கப் பொதுவாகச் சில எலக்ட்ரான் வோல்ட்டுகளாவது வேண்டும். எக்ஸ் கதிரின் ஒற்றை ஃபோட்டானே அதைச் செய்துவிடும். ரேடியோ அலையின் செறிவைக் கோடி மடங்கு கூட்டினாலும் பொருள் சூடாகுமே தவிர, எந்த ஃபோட்டானுக்கும் தனியாக அந்தத் தெம்பு வராது. எக்ஸ் கதிர் எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்பது இதனால்தான்.

இந்த வரிசையை ஊடுருவும் திறனின் வரிசை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சுவரைத் தாண்டி ரேடியோ பாடும். அதே சுவர் விளக்கொளியை மறைத்துவிடும். எக்ஸ் கதிரோ ஓரளவு மறுபடி கடந்து போகும். எதை எது விடும் என்பது அந்தந்தப் பொருளைப் பொறுத்தது.

கண்டுபிடித்த வரிசையும் இதுவல்ல. அகச்சிவப்பை ஹெர்ஷல் 1800-லும், புற ஊதாவை ரிட்டர் 1801-லும் கண்டார்கள். ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியது 1880-களின் கடைசியில், ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-ல்.