திங்கட்கிழமை வகுப்புக்கான படம்: முதலில் கை, அப்புறம் முகம்

அக்கா, நீங்கள் கேட்ட படத்தை, டோரத்தியா லேங்க் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' என்ற புகைப்படத்தை, எழுத்தில் அனுப்புகிறேன். ஸ்கிரீன் ரீடரை நீங்கள் வழக்கமாக ஓடவிடும் வேகத்தில் இதைக் கேட்க வேண்டாம், கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளைகள் திரையில் இதை ஒரே நொடியில் பார்த்துவிடுவார்கள், உங்களுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்து சேரும். அதனால் எந்தச் சொல் முன்னால் வரவேண்டும் என்பதற்கே எனக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. எழுதும்போது நான் எங்கெல்லாம் நின்று யோசித்தேன் என்பதையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன், உங்களுக்கு வேண்டாமென்றால் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் மொத்தமாக. கறுப்பு வெள்ளைப் படம், உயரவாக்கில் எடுத்தது. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தோளில் இரண்டு சிறுபிள்ளைகள் சாய்ந்து நிற்கிறார்கள். மொத்தம் நாலு பேர், ஆனால் நமக்கு முழுசாகக் காட்டப்படும் முகம் ஒன்றே ஒன்று, அந்தப் பெண்ணுடையது. மிகவும் கிட்டத்தில் எடுத்திருக்கிறார்கள், நாலு பேரும் படத்தின் விளிம்பு வரை நெருக்கியடித்து நிறைந்திருக்கிறார்கள், அவர்களைச் சுற்றி ஊரோ வானமோ எதுவும் தெரியவில்லை.

இப்போது அந்தப் பெண். கையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கையை மடக்கி முகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார், விரல் நுனிகள் வாயோரத்தில் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. நம் ஊரில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்போமே, அப்படித் தலையின் பாரத்தைக் கையில் இறக்கிய நிலை இல்லை இது. தலை தானாகத்தான் நிமிர்ந்திருக்கிறது, கை சும்மா வந்து தொட்டு நிற்கிறது. நீங்களே ஒருமுறை அப்படி வைத்துப் பாருங்கள், விரல்களைக் கன்னத்தில் அழுத்தாமல். மனசு வேறெங்கோ இருக்கும்போது கை தன்பாட்டுக்கு அங்கே போய் நிற்கும், அதுதான். கண்ணால் பார்த்த எனக்கும் முதலில் பிடிபட்டது அந்தக் கைதான், அதனால்தான் அதை முன்னால் வைத்தேன்.

அப்புறம் கண். அவர் நம்மைப் பார்க்கவில்லை. நம்மைத் தாண்டி, எட்டத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைப் பார்க்கிறார், அல்லது எதையுமே பார்க்காமல் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். புருவங்கள் நடுப்பக்கம் லேசாக நெரிந்திருக்கின்றன. நெற்றியில் குறுக்கே கோடுகள், கண்ணோரத்திலும் கோடுகள். உதடுகள் மூடியிருக்கின்றன. அழுகை இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் சோகமான தாய் என்று முதல் வார்த்தையிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த முகத்தில் தெரிவது கணக்குப் போடுகிற முகம். அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிறவர் முகம். இது என் அபிப்பிராயம், நீங்கள் வேறாக நினைக்கலாம், அதற்காகத்தான் கோடுகளையும் புருவத்தையும் தனியாகச் சொன்னேன்.

வயது. பார்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து சொல்லலாம். உண்மையில் 32. இந்த இரண்டையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. 32 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் உங்கள் மனசில் ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்திருப்பார், படம் பார்க்கிற யாருக்கும் அந்த இளம்பெண் தெரிவதே இல்லை. திங்கட்கிழமை பிள்ளைகளிடம் வயதைக் கேளுங்கள், அவர்கள் சொல்லப்போகும் எண்ணுக்கும் 32க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

தலைமுடி கறுப்பாகத் தெரிகிறது, பின்னால் இழுத்து ஒதுக்கியிருக்கிறார், சில இழைகள் தப்பித்து முகத்தோரம் வந்திருக்கின்றன. கழுத்துப் பக்கம் திறந்த, கட்டம் போட்ட சட்டை, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. அந்தக் கம்பளியின் கை நைந்து நூல் பிரிந்திருக்கிறது. முகத்துக்குப் போன கை அது, அதனால் நைந்த இடம் படத்தின் முன்பக்கத்திலேயே நிற்கிறது.

உடையை இவ்வளவு தள்ளிப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை எழுதியபோது கிழிசலில் தொடங்கினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஆரம்பம் முதல் கடைசி வரை 'அவள்', 'அவள்' என்றே எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை அக்கா. இதே வயதில் நல்ல புடவை கட்டிய ஒரு பெண்ணின் படமாக இருந்திருந்தால் என் கை தானாக 'அவர்' என்று எழுதியிருக்கும். நைந்த சட்டையைப் பார்த்ததும் மரியாதை கழன்றுவிட்டது. தமிழில் ஒருவரின் தோற்றத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே அந்த 'ர்'-உம் 'ள்'-உம் அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகின்றன, கேட்கிற உங்களுக்கு அதைச் சரிபார்க்க வழியும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையிலிருந்து எழுதினேன்.

பிள்ளைகள் இருவரும் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருக்கிறார்கள், முகத்தை அம்மாவின் தோளுக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். வெட்டிவிட்ட குட்டை முடி, கசங்கிய தடித்த துணி. ஆணா பெண்ணா என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை, இருவரும் மகள்கள் என்பது மற்ற தகவல்களிலிருந்துதான் தெரிகிறது. வெளி ஆள் யாராவது வந்தால் குழந்தைகள் அம்மா புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. மடியில் உள்ள குழந்தை தூங்குகிறது. துணியில் சுற்றிக் கிடக்கிறது, முகத்தில் அழுக்கு. இருட்டான துணிகளுக்கு நடுவில் இருப்பதால் பார்க்கிறவர்கள் குழந்தையைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனிப்பார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் சித்தப்பா பெண் கல்யாணப் படத்தைச் சொன்னபோது, மாப்பிள்ளையின் தோழன் ஒருவரை மட்டும் 'கறுப்பா, உயரமா ஒருத்தர்' என்று ஆரம்பித்தேன். மற்றவர்கள் என்ன நிறம் என்று கேட்டீர்கள், எனக்கு வாயடைத்துப் போனது. நிறத்தைச் சொல்வதாக இருந்தால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், ஒருவருக்கு மட்டும் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் இயல்பு, இவர் மட்டும் வேறு என்று ஆகிவிடும். அன்றைக்கு அதைப் புரிந்துகொண்டேன்.

இந்தப் படத்தில் சிக்கல் வேறு மாதிரி. கறுப்பு வெள்ளை என்பதால் தோல் என்ன நிறம் என்று காட்டாது, சாம்பல் நிறத்தின் அழுத்தம்தான் உண்டு. உங்களுக்குப் பத்து வயது வரை பார்வை இருந்ததால் உங்கள் வீட்டு நடுக்கூடத்துத் தாத்தா படம் நினைவிருக்கும், அதே சாம்பல். வெயிலில் வேலை செய்த முகம் என்று சொல்லலாம், அதற்கு மேல் படத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் இதைப் பார்த்தவர்கள் இவரை வெள்ளைக்கார ஏழைத் தாய் என்றே எடுத்துக்கொண்டார்கள். இவர் செரோக்கிப் பழங்குடி வழி வந்தவர், ஓக்லஹோமா மாநிலமாக மாறுவதற்கு முன் அங்கே 1903-இல் பிறந்தவர். பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். படம் எடுத்த டோரத்தியா லேங்க் பெயரைக் கேட்கவில்லை, வயதை மட்டும் குறித்துக்கொண்டார். 1978 வரை இந்த முகத்துக்குப் பெயரே இல்லாமல் இருந்தது. அதனால் வம்சத்தைத் தோற்றத்தோடு சேர்க்காமல், தெரிந்த தகவலாகத் தனியே இங்கே வைக்கிறேன். தோற்றத்தைப் பார்த்து ஊகித்தவர்கள்தான் இவ்வளவு காலம் தப்பாகச் சொன்னார்கள்.

இடம் கலிபோர்னியாவில் நிப்போமோ. 1936, பெரும் பொருளாதார மந்தக் காலம். பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாம், குளிரில் பயிர் கருகிப் போனதால் வேலை இல்லை. லேங்க் அப்போது அரசுத் துறை ஒன்றுக்காக, கிராமத்து ஏழைகளின் நிலையைப் படமெடுக்கும் வேலையில் இருந்தார். படங்கள் சான்ஃபிரான்சிஸ்கோ செய்தித்தாளில் வந்ததும் முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது. அது வந்தபோது இந்தக் குடும்பம் அங்கே இல்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது. இந்த வரியை மட்டும் வகுப்பில் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் அந்த அம்மா, இந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், எனக்கு இதிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். 1983-இல் இறந்தார்.

கடைசியாகப் படத்தின் ஓரத்தில் ஒன்று. வலது விளிம்பை ஒட்டிக் கூடாரத்தின் கம்பம் செங்குத்தாக நிற்கிறது, முதலில் அதன் கீழ்ப்பக்கம் ஒரு கட்டை விரலும் தெரிந்தது. கம்பத்தைப் பிடித்திருந்த கையின் விரல். படம் கெடுகிறது என்று நினைத்து லேங்க் அதைப் பின்னால் அழிக்க வைத்தார். நான் பார்க்கிற பிரதியில் அந்த இடத்தில் மங்கலான ஒரு தடம் மாதிரி இருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன், பார்வை உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று. ஆனால் அந்த விரல் இருந்தால் அங்கே இன்னொரு கை இருக்கிறது என்று ஆகிறது, அந்தக் கூடாரத்தை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகிறது. விட்டுவிட மனசு வரவில்லை.

அன்றைக்கே எடுத்த வேறு படங்களும் உண்டு. ஒன்றில் இன்னும் தள்ளி நின்று எடுத்திருக்கிறார்கள், கூடாரம் முழுக்கத் தெரிகிறது, முன்னால் நாற்காலியில் வயதுக்கு வந்த மகள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அதை இன்று ராத்திரி எழுதி நாளைக்கு அனுப்புகிறேன், அந்தப் பெண்ணுக்கு எதை முதலில் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.