பிளஸ் டூ இயற்பியல்: தேர்வு நாள் காலைத் தாள் (சொல் மாறாமல் எழுத வேண்டிய வரையறைகள்)

8:30 முதல் 9:15 வரை இதை மட்டும் வாசிக்கவும். வாய்க்குள் சொல்லிப் பார்த்து, தடுமாறும் வரியை மட்டும் ஒரு முறை எழுதிப் பார்க்கவும். முக்கியச் சொல் விடுபட்டால் வரையறையே தப்பு. 9:15-க்குத் தாள் பைக்குள், பை வெளியே.

நிலை மின்னியல்

மின்புலம்: ஒரு புள்ளியில் வைக்கப்படும் ஓரலகு நேர் மின்னூட்டம் உணரும் விசை. அலகு N C⁻¹. வெக்டர்.

மின்னழுத்தம்: ஓரலகு நேர் மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து அப்புள்ளிக்குச் சீரான திசைவேகத்தில் கொண்டுவர புறவிசையால் செய்யப்படும் வேலை. அலகு வோல்ட் (J C⁻¹). ஸ்கேலர். பலரும் விடுவது 'சீரான திசைவேகம்'. வேகம் கூடினால் செய்த வேலையில் ஒரு பங்கு இயக்க ஆற்றலாகப் போய்விடும். அப்போது செய்த மொத்த வேலையை மின்னழுத்தம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்தச் சொல்.

கூலூம் விதி: வெற்றிடத்தில் உள்ள இரு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையேயான விசை, அவற்றின் எண்மதிப்புகளின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், இடைத்தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும், விசை இரண்டையும் இணைக்கும் கோட்டின் வழியே செயல்படும்.

காஸ் விதி: ஒரு மூடிய பரப்பின் வழியே செல்லும் மொத்த மின்பாயம், அப்பரப்பு உள்ளடக்கிய நிகர மின்னூட்டத்தை ε₀-ஆல் வகுத்தால் கிடைப்பதற்குச் சமம். Φ = Q/ε₀. வெளியே உள்ள மின்னூட்டம் இந்தக் கணக்கில் வராது.

மின்தேக்குத்திறன்: ஏதேனும் ஒரு தட்டிலுள்ள மின்னூட்டத்தின் எண்மதிப்புக்கும் தட்டுகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாட்டுக்கும் உள்ள விகிதம். 'இரு தட்டுகளின் மொத்த மின்னூட்டம்' என்று எழுதினால் அது சுழி.

மின்னோட்டவியல்

மின்தடை எண்: ஓரலகு நீளமும் ஓரலகு குறுக்குவெட்டுப் பரப்பும் கொண்ட கடத்தி, மின்னோட்டத்துக்கு அளிக்கும் தடை. அலகு Ω m. ஓம் பெருக்கல் மீட்டர், 'ஓம்/மீட்டர்' அல்ல.

இயக்க எண்: ஓரலகு மின்புலத்துக்கான இழுப்புத் திசைவேகத்தின் எண்மதிப்பு. அலகு m² V⁻¹ s⁻¹.

கிர்க்காஃப் முதல் விதி: ஒரு சந்தியில் சந்திக்கும் மின்னோட்டங்களின் குறியியல் கூடுதல் சுழி. (மின்னூட்டம் மாறா விதி.)

கிர்க்காஃப் இரண்டாம் விதி: ஒரு மூடிய சுற்றின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் பெருக்கற்பலன்களின் குறியியல் கூடுதல், அச்சுற்றிலுள்ள மின்னியக்கு விசைகளின் குறியியல் கூடுதலுக்குச் சமம். (ஆற்றல் மாறா விதி.) 'குறியியல்' என்பதை இரண்டு இடத்திலும் எழுதவும்.

சீபெக், பெல்டியர் இரண்டும் தலைகீழாக மாறிவிடுவது வழக்கம். சீபெக்: சந்திகளின் வெப்பநிலை வேறுபாடு மின்னியக்கு விசையைத் தரும். பெல்டியர்: மின்னோட்டம் செலுத்தினால் ஒரு சந்தியில் வெப்பம் வெளிப்படும், மற்றதில் உட்கவரப்படும். இரண்டிலும் 'இரு வேறுபட்ட உலோகங்கள்' வேண்டும். தாம்சன் விளைவுக்கு ஒரே கடத்தி போதும், அதன் புள்ளிகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

காந்தவியலும் மின்காந்தத் தூண்டலும்

ஆம்பியர். இந்தத் தாளிலேயே நீளமானது, ஐந்து துண்டாகப் பிடிக்கவும்: வெற்றிடத்தில் / ஒரு மீட்டர் இடைத்தொலைவில் உள்ள / முடிவிலா நீளமுள்ள இரு இணைக் கடத்திகள் ஒவ்வொன்றிலும் சம அளவு மின்னோட்டம் பாயும்போது / ஒவ்வொரு கடத்தியும் ஓரலகு நீளத்துக்கு 2 × 10⁻⁷ N விசையை உணர்ந்தால் / அம்மின்னோட்டம் ஒரு ஆம்பியர். அடுக்கில் வருவது −7. 'ஓரலகு நீளத்துக்கு' விட்டால் நியூட்டன் மதிப்புக்குப் பொருளே இல்லை. (2019 மே 20 முதல் உலக அளவில் ஆம்பியர் எலக்ட்ரானின் மின்னூட்ட மதிப்பை வைத்து வரையறுக்கப்படுகிறது. தேர்வில் இணைக் கடத்தி வரையறையையே எழுதவும்.)

காந்தத் தயக்கம்: காந்தத் தூண்டல் B, காந்தமாக்கு புலம் H-க்குப் பின்தங்கும் நிகழ்வு. எது எதற்குப் பின்தங்குகிறது என்பதில்தான் மதிப்பெண்.

கியூரி வெப்பநிலை: ஃபெர்ரோ காந்தப் பொருள் பாரா காந்தப் பொருளாக மாறும் வெப்பநிலை.

ஃபாரடேயின் இரண்டாம் விதி: தூண்டப்படும் மின்னியக்கு விசையின் எண்மதிப்பு, சுற்றோடு தொடர்புடைய காந்தப்பாயம் மாறும் வீதத்துக்குச் சமம்.

லென்ஸ் விதி: தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் திசை, அது தோன்றக் காரணமானதை எப்போதும் எதிர்க்கும் வகையில் அமையும். 'காந்தப்பாயத்தை எதிர்க்கும்' என்று எழுதக் கூடாது. எதிர்ப்பது பாயத்தின் மாற்றத்தை. பாயம் குறையும்போது தூண்டப்பட்ட மின்னோட்டம் அதே திசையில் புலத்தை உண்டாக்கும்.

தன் மின்தூண்டல் எண்: கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டம் 1 A எனில், அச்சுருளோடு தொடர்புடைய பாயத்தொடர்பு. அலகு ஹென்றி. பரிமாற்று மின்தூண்டல் எண்ணில் மின்னோட்டம் ஒரு சுருளில், பாயத்தொடர்பு அருகிலுள்ள மற்றொரு சுருளில்.

மாறுதிசை மின்னோட்டத்தின் பயனுறு மதிப்பு: ஒரே மின்தடையில், ஒரே கால அளவில், மாறுதிசை மின்னோட்டம் உருவாக்கும் அதே வெப்பத்தை உருவாக்கும் நேர்திசை மின்னோட்டத்தின் மதிப்பு. 0.707 Iₘ. மூன்று 'ஒரே/அதே' இருக்கிறதா என எண்ணிப் பார்க்கவும்.

ஒளியியல்

அலைமுகப்பு: ஒரே கட்டத்தில் அதிர்வுறும் புள்ளிகளின் தொகுப்பு.

ஹைகன்ஸ் தத்துவம்: அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டாம் நிலை சிற்றலைகளின் மூலமாகச் செயல்படும், இச்சிற்றலைகள் அனைத்துத் திசைகளிலும் அலையின் வேகத்தில் பரவும், முன்னோக்கிய திசையில் அவற்றுக்கு வரையும் பொதுத் தொடுபரப்பே புதிய அலைமுகப்பு. மூன்றாம் பகுதியை எழுதாமல் நிறுத்தினால் பாதி விடைதான்.

மாறுநிலைக் கோணம்: அடர்மிகு ஊடகத்தில், விலகு கதிர் எல்லையைத் தழுவிச் செல்லும்படியான படுகோணம். விலகுகோணம் 90°. 'அடர்குறை' என்று எழுதினால் மொத்தமும் தவறு.

ப்ரூஸ்டர் விதி: தளவிளைவுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம்.

நவீன இயற்பியல்

வெளியேற்று ஆற்றல்: உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான சிறும ஆற்றல்.

பயன்தொடக்க அதிர்வெண்: கொடுக்கப்பட்ட உலோகப் பரப்புக்கு, எந்தச் சிறும அதிர்வெண்ணுக்குக் கீழே ஒளிச்செறிவு எவ்வளவு இருந்தாலும் எலக்ட்ரான் உமிழப்படாதோ அந்த அதிர்வெண்.

நிறுத்து மின்னழுத்தம்: பெரும இயக்க ஆற்றல் கொண்ட ஒளி எலக்ட்ரான்களையும் நிறுத்தி, ஒளிமின்னோட்டத்தைச் சுழியாக்க ஆனோடுக்கு அளிக்கப்படும் எதிர் மின்னழுத்தம். மேலே இரண்டில் 'சிறும', இங்கே 'பெரும'.

அரை ஆயுட்காலம்: தொடக்கத்தில் இருந்த அணுக்கருக்களில் பாதி சிதைவடைய ஆகும் காலம், 0.6931/λ. சராசரி ஆயுட்காலம் 1/λ. சராசரியே பெரியது, விடையில் அரை ஆயுள் பெரிதாக வந்தால் கணக்கைத் திரும்பப் பார்க்கவும்.

ஒரு கியூரி: ஒரு நொடிக்கு 3.7 × 10¹⁰ சிதைவுகள். ஒரு பெக்கரல்: நொடிக்கு 1.

அணு நிறை அலகு: கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

வினாக்கள் 24, 33 இரண்டும் கட்டாயம். 10:00 முதல் 10:10 வரை வினாத்தாள் வாசிக்கும் நேரத்தில் அவற்றை முதலில் பார்த்துவிடவும். வரையறைக்குக் கீழே சமன்பாடு, அதற்குக் கீழே அலகு, தனித்தனி வரியில்.