பின்னங்களைச் சுருக்குதலும் ஒப்பிடுதலும்: ஐந்தாம் வகுப்புப் பயிற்சித்தாள்

வகுப்பு: 5 | பாடம்: கணக்கு | வீட்டில் செய்ய வேண்டிய நாட்கள்: சனி, ஞாயிறு

பிள்ளைகளே,

வெள்ளிக்கிழமை வகுப்பில் "1/3 பெரியதா, 1/4 பெரியதா?" என்று கேட்டபோது பாதிப் பேருக்கு மேல் 1/4 என்று கை தூக்கினீர்கள். 4 என்பது 3ஐ விடப் பெரிய எண்தானே என்று காரணமும் சொன்னீர்கள். காரணம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காரணம் தெரிந்தால்தான் எந்த இடத்தில் தவறினோம் என்று கண்டுபிடிக்க முடியும். அதனால் இந்தத் தாளில் விடைக்குப் பாதி மதிப்பெண், "ஏன்?" என்பதற்குப் பாதி மதிப்பெண்.

முதலில் இரண்டு சொற்கள். 3/4 என்னும் பின்னத்தில் கீழே உள்ள 4 பகுதி. முழுப் பொருளை எத்தனை சம துண்டுகளாகப் பிரித்தோம் என்பதை அது சொல்கிறது. மேலே உள்ள 3 தொகுதி. அந்தத் துண்டுகளில் எத்தனையை எடுத்தோம் என்பதை அது சொல்கிறது. ஒரே அடையை நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டால் கிடைக்கும் துண்டு, மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டால் கிடைப்பதை விடச் சிறியது. பகுதி பெருகப் பெருகத் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். ஆகவே 1/3 > 1/4.

அ. சுருக்குதல்

எடுத்துக்காட்டு 1: 6/8ஐச் சுருக்குக.

ஓர் அடையை 8 துண்டுகளாக வெட்டியிருக்கிறோம். அதில் 6 துண்டுகள் தட்டில் இருக்கின்றன. இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் துண்டுகளை இரண்டிரண்டாக ஒட்டிவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 8 சிறிய துண்டுகள் 4 பெரிய துண்டுகளாகிவிடும். தட்டில் இருந்த 6 சிறிய துண்டுகள் 3 பெரிய துண்டுகளாகிவிடும்.

6/8 = (6 ÷ 2)/(8 ÷ 2) = 3/4

ஏன் மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுத்தோம்? இரண்டிரண்டாக ஒட்டும்போது மொத்தத் துண்டுகளும் பாதியாகின்றன, எடுத்த துண்டுகளும் பாதியாகின்றன. தட்டில் உள்ள அடை ஒரு விள்ளல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. சுருங்கியது எண்கள்தான், அளவு அன்று. 6/8ம் 3/4ம் சமான பின்னங்கள்.

எடுத்துக்காட்டு 2: ஒரு வகுப்பில் 24 பேர். அவர்களில் 18 பேர் நடந்து வருகிறார்கள், மற்றவர்கள் மாநகரப் பஸ்ஸில் வருகிறார்கள். நடந்து வருபவர்கள் வகுப்பில் எத்தனை பங்கு?

பின்னம் 18/24. இதைச் சுருக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, படிப்படியாக. 18ம் 24ம் இரட்டை எண்கள் என்பதால் 2ஆல் மீதியின்றி வகுபடும்: 18/24 = 9/12. இங்கே நிறுத்திவிடக் கூடாது. 9ம் 12ம் மூன்றாம் வாய்ப்பாட்டில் வருகின்றன. 3ஆல் வகுத்தால் 9/12 = 3/4. இப்போது 3ஐயும் 4ஐயும் சேர்த்து வகுக்கக்கூடிய எண் 1ஐத் தவிர வேறு இல்லை. அதனால் இதுவே எளிய வடிவம்.

இரண்டாம் வழி, ஒரே படியில். 18இன் காரணிகள் 1, 2, 3, 6, 9, 18. 24இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இரண்டிலும் இருப்பவை 1, 2, 3, 6. இவற்றில் மிகப் பெரியது 6. இதுதான் மீப்பெரு பொதுக் காரணி. 18 ÷ 6 = 3, 24 ÷ 6 = 4. விடை 3/4.

முதல் வழியில் 2ஆல் வகுத்து, பிறகு 3ஆல் வகுத்தோம். 2 × 3 = 6. இரண்டாம் வழியில் அதையே ஒரே தாவலில் செய்தோம். எந்த வழியில் போனாலும் எனக்குச் சம்மதம். பாதி வழியில் நிற்பதற்குத்தான் சம்மதம் இல்லை.

எடுத்துக்காட்டு 3: 500 மில்லி பால் பாக்கெட், ஒரு லிட்டரில் எத்தனை பங்கு?

ஒரு லிட்டர் = 1000 மில்லி. பின்னம் 500/1000. இரண்டு எண்களின் முடிவிலும் பூஜ்யங்கள் இருக்கின்றன. ஒரு பூஜ்யத்தை அடித்தால் 10ஆல் வகுத்ததாகப் பொருள், இரண்டை அடித்தால் 100ஆல் வகுத்ததாகப் பொருள். 500/1000 = 5/10 = 1/2. கடைசிப் படியில் 5ஆல் வகுத்திருக்கிறோம். கடையில் "அரை லிட்டர் பால்" என்று கேட்பது இதனால்தான்.

பூஜ்யத்தை அடிக்கப் பழகியவர்கள் சிலர் ஒரே மாதிரியான எந்த இலக்கத்தையும் அடித்துவிடுகிறார்கள். 14/24 என்றால் இரண்டு 4களையும் அடித்து 1/2 என்று எழுதுகிறார்கள். இது சரியா? 24இல் பாதி 12. நம்மிடம் இருப்பது 14. எனவே 14/24 பாதியை விட அதிகம், 1/2 ஆக இருக்கவே முடியாது. 14இல் உள்ள 4ஐ அடிப்பது எந்த எண்ணால் வகுப்பதும் ஆகாது. சரியான வழி: இரண்டையும் 2ஆல் வகுக்க, 14/24 = 7/12.

ஆ. ஒப்பிடுதல்

பகுதி ஒன்றாக இருந்தால் வேலை எளிது. 5/9, 7/9 இரண்டிலும் துண்டின் அளவு ஒன்றே. 5 துண்டுகளை விட 7 துண்டுகள் அதிகம். ஆகவே 7/9 > 5/9. இவை ஓரினப் பின்னங்கள்.

தொகுதி ஒன்றாக இருந்தால் துண்டின் அளவைப் பாருங்கள். 3/5, 3/8 இரண்டிலும் மூன்று துண்டுகள்தான். ஆனால் ஐந்தில் ஒரு துண்டு, எட்டில் ஒரு துண்டை விடப் பெரியது. மூன்று பெரிய துண்டுகளா, மூன்று சிறிய துண்டுகளா? 3/5 > 3/8.

இரண்டும் வேறுபட்டால்தான் யோசிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு 4: தண்ணீர் லாரி வந்துபோன பிறகு ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் குடங்களைப் பார்க்கிறோம். பச்சைக் குடம் 2/3 நிறைந்திருக்கிறது. நீலக் குடம் 3/4 நிறைந்திருக்கிறது. எதில் தண்ணீர் அதிகம்?

மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் வேறு வேறு அளவுகள். முழத்தால் அளந்ததையும் சாணால் அளந்ததையும் அப்படியே ஒப்பிட முடியாது அல்லவா? இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக மாற்ற வேண்டும்.

3இன் மடங்குகள்: 3, 6, 9, 12, 15...
4இன் மடங்குகள்: 4, 8, 12, 16...
இரண்டிலும் முதலில் வருவது 12. இது மீச்சிறு பொது மடங்கு.

2/3 = (2 × 4)/(3 × 4) = 8/12. மூன்று பங்குகளில் ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தோம், அதனால் மொத்தம் 12 ஆனது, எடுத்த 2 பங்குகள் 8 ஆயின.
3/4 = (3 × 3)/(4 × 3) = 9/12. இங்கே ஒவ்வொரு பங்கையும் மூன்றாகப் பிரித்தோம்.

9/12 > 8/12. ஆகவே நீலக் குடத்தில் 1/12 குடம் அதிகம்.

"ஒரே அளவுள்ள குடங்கள்" என்ற சொற்களின் கீழ் கோடு போடுங்கள். 12 லிட்டர் குடத்தில் பாதி 6 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் கால் பங்கு 50 லிட்டர். கால், அரையை விடச் சிறிய பின்னம்தான். ஆனால் முழுப்பொருள் வேறானால் பின்னத்தை மட்டும் வைத்து எதில் தண்ணீர் அதிகம் என்று சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டு 5: 3/5, 5/7 இவற்றில் எது பெரியது?

"ஐந்துக்கு மூன்று, இரண்டு குறைவு. ஏழுக்கு ஐந்து, அதுவும் இரண்டு குறைவு. அதனால் இரண்டும் சமம்" என்று ஒருவர் நோட்டில் எழுதியிருந்தார். எனக்கு அந்த யோசனையை அப்படியே விட்டுவிட மனமில்லை, அதற்குள் ஒரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது. முழுமைக்குக் குறைவது இரண்டு துண்டுகள்தான், ஆனால் எந்த அளவுத் துண்டுகள்? 3/5க்குக் குறைவது 2/5. 5/7க்குக் குறைவது 2/7. தொகுதி ஒன்றாக இருப்பதால் 2/7 சிறியது. குறைவு சிறிதாக உள்ளதே முழுமைக்கு அருகில் இருக்கும். ஆகவே 5/7 > 3/5. பொதுப் பகுதி 35ஐக் கொண்டு சரிபார்த்தால் 21/35, 25/35. விடை பொருந்துகிறது.

எடுத்துக்காட்டு 6: 5/12, 4/7.

இங்கே அரையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 12இல் பாதி 6, ஐந்து அதைவிடக் குறைவு. 7இல் பாதி மூன்றரை, நான்கு அதைவிட அதிகம். ஒன்று அரைக்குக் கீழே, மற்றொன்று அரைக்கு மேலே. 4/7 > 5/12. மடங்குகளைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை.

எடுத்துக்காட்டு 7: நம் மொழியில் 1/20க்கு மா என்றும், 1/80க்குக் காணி என்றும், 1/16க்கு மாகாணி என்றும் பெயர். அரைக்கால் என்பது 1/8. உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், இந்த வாய்ப்பாடு அவர்கள் காதிலாவது விழுந்திருக்கும். மா பெரியதா, மாகாணி பெரியதா?

தொகுதி இரண்டிலும் 1. பகுதி சிறியதாக உள்ள 1/16 பெரியது. பெயரும் அதையே சொல்கிறது: மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20 = 4/80. 4/80 + 1/80 = 5/80. மேலும் கீழும் 5ஆல் வகுத்தால் 1/16. சுருக்குதல் தெரிந்தால் பெயரின் பொருளும் விளங்கிவிடுகிறது.

இ. நீங்கள் செய்யுங்கள்

சுருக்குக: 1) 12/20  2) 35/49  3) 13/26  4) 8/15

எது பெரியது? 5) 4/9, 4/11  6) 3/4, 5/6  7) 7/8, 8/9

8) மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு பூக்கார அம்மா 10 முழம் மல்லிகையில் 6 முழம் விற்றுவிட்டார். பக்கத்தில் இருப்பவர் 15 முழத்தில் 10 முழம் விற்றுவிட்டார். கொண்டுவந்த பூவில் அதிகப் பங்கை விற்றவர் யார்?

பெற்றோருக்கு: விடை சரியாக இருந்தாலும் "எப்படித் தெரியும்?" என்று ஒரு முறை கேளுங்கள். தவறாக இருந்தால் உடனே திருத்தாமல், ஒரு தாளை மடித்தோ தோசையைப் பிய்த்தோ பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கே பெருக்கிப் பார்க்கும் வழியை இப்போது சொல்லித்தர வேண்டாம். துண்டின் அளவு மனத்தில் பதிந்த பிறகு அதை நானே கற்றுத்தருகிறேன்.

ஈ. விடைகளும் காரணங்களும் (செய்து முடித்த பிறகு மட்டும் பார்க்கவும்)

1) 3/5. மீப்பெரு பொதுக் காரணி 4. 2ஆல் வகுத்து 6/10 என்று நின்றவர்கள் இன்னொரு முறை 2ஆல் வகுக்கவும்.
2) 5/7. இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் வருகின்றன.
3) 1/2. 13 இரண்டு முறை சேர்ந்தால் 26.
4) சுருங்காது. 8இன் காரணிகள் 1, 2, 4, 8. 15இன் காரணிகள் 1, 3, 5, 15. பொதுவானது 1 மட்டுமே. "சுருங்காது" என்பதும் முழு மதிப்பெண்ணுக்குரிய விடைதான்.
5) 4/9. துண்டுகளின் எண்ணிக்கை ஒன்று, ஒன்பதில் ஒரு துண்டு பெரியது.
6) 5/6. பொதுப் பகுதி 12. 3/4 = 9/12, 5/6 = 10/12. 24ஐப் பொதுப் பகுதியாக எடுத்தவர்களுக்கு 18/24, 20/24 வரும். அதுவும் சரி.
7) 8/9. முழுமைக்குக் குறைவது 1/8, 1/9. இவற்றில் 1/9 சிறியது.
8) முதலாமவர் 6/10 = 3/5. இரண்டாமவர் 10/15 = 2/3. பொதுப் பகுதி 15இல் 9/15, 10/15. பக்கத்தில் இருப்பவரே அதிகப் பங்கை விற்றிருக்கிறார். 10 முழம் 6 முழத்தை விட அதிகம் என்பது மட்டும் இங்கே காரணமாகாது. அவர் கொண்டுவந்த பூவும் அதிகம் அல்லவா?