வருகைப் பதிவேட்டில் இல்லாதவை

மக்களே,
மைக் என் கைக்கு வந்துவிட்டது, பட்டம் வாங்கும் முன் பேச ஐந்து நிமிஷம் தந்திருக்கிறார்கள்.
இயற்பியல் மூன்றாம் ஆண்டின் ரெப்பாக
இதுவரை உங்களிடம் நான் கேட்டதெல்லாம்
ரெக்கார்டு நோட்டு, எக்ஸாம் ஃபீஸ், பஸ் பாஸுக்கு போட்டோ.
இன்றைக்கு எதுவும் கேட்க வரவில்லை.

பதிவேட்டில் வந்தாரா வரவில்லையா என்பது மட்டும் இருக்கும்,
எதையெல்லாம் தாண்டி வந்தார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.
அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்,
அதனால் பெயர் சொல்லாமல் இங்கே வாசித்துவிடுகிறேன்.

குலசேகரத்திலிருந்து வருகிறவன்
விடியும் முன்னே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் பால் வெட்டிவிட்டு,
குளித்து, பஸ்ஸில் நின்றபடியே வந்து, முதல் பீரியடில் தூங்காமல் இருந்தான்;
மழை பிடித்துக்கொண்ட வாரங்களில் வெட்டு இல்லை, கூலி இல்லை,
அந்த வாரங்களில் மதியம் பசிக்கவில்லை என்று லைப்ரரிக்குப் போய்விடுவான்.
அப்புறம் அவன் பெஞ்சில் ஒரு டிபன் பாக்ஸ் கூடுதலாக வர ஆரம்பித்தது,
எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று
உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்:
ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை,
கல்லூரி திறப்பதும் ஃபீஸ் கட்டச் சொல்வதும் அதே ஜூனில்.
கடைசித் தேதிக்கு முந்தின நாள் என் மேஜையில் ஒரு கவர் இருந்தது,
பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாக, எல்லாம் கசங்கிய தாள்கள்,
"அவளுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது,
அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லப் போவதில்லை.

மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலையில் பருப்பு உடைத்து உடைத்து
தோட்டின் எண்ணெயில் விரல் கறுத்துப்போன அம்மா ஒருவர்
இப்போது மூன்றாவது வரிசையில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
அம்மா, கையை வெளியே எடுங்கள்,
உங்கள் மகள் ஆப்டிக்ஸில் வாங்கிய மார்க்கை எங்களில் யாரும் வாங்கவில்லை,
அந்தக் கையைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

நம்ம லேபை மறக்க முடியுமா, மக்களே?
சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நியூட்டன் வளையங்களை ஒருவர் எண்ண,
அடுத்தவர் மூச்சுக்கூட சத்தமாக விடாமல் ரீடிங்கை எழுதுவோம்,
எண்ணிக்கை தவறினால் யார் தவறவிட்டது என்று கேட்காமல் இரண்டு பேரும் முதலிலிருந்து தொடங்குவோம்.
அப்புறம் அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர்:
முப்பட்டகத்தைத் திருப்பத் திருப்ப ஒளிக்கோடு ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும்,
ஓர் இடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும்,
அங்கே எடுக்கிற ரீடிங்தான் கணக்குக்கு வேண்டியது.

இதை யாருக்குச் சொல்கிறேன் என்றால்,
அரியர் இருப்பதால் இன்று அங்கி போடாமல்,
ஆனால் நமக்குக் கைதட்டவென்றே சட்டை இஸ்திரி போட்டு வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும்தான்.
நின்று திரும்புகிற இடத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.
நவம்பர் பரீட்சைக்கு நோட்ஸ் என்னிடம் இருக்கிறது,
குவாண்டம் சொல்லித்தர ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஒருத்தி சம்மதித்துவிட்டாள்,
நீங்கள் வந்தால் போதும்.

இனி சிலர் வடசேரியில் சென்னை பஸ் ஏறுவீர்கள்,
சிலர் தினமும் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் வருவீர்கள்,
சிலர் பி.எட்., சிலர் டி.என்.பி.எஸ்.சி., சிலர் வீட்டில் வள்ளத்துக்கும் வயலுக்கும் ஆள் வேண்டும் என்பதால் இங்கேயே இருப்பீர்கள்,
இதில் எதையும் நான் மட்டமாக நினைக்கவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள்.
உங்களுக்கு உழைக்கத் தெரியும், அதைவிட,
பக்கத்தில் இருப்பவன் சாப்பிட்டானா என்று பார்க்கத் தெரியும்,
புது ஊரில் புது வேலையில் உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது இதுதான் என்று முழுசாக நம்புகிறேன்.

வாட்ஸ்அப் குரூப்பை மூட மாட்டேன்.
இன்டர்வியூவுக்குப் போன ஊரில் தங்க இடம் இல்லையென்றால் எழுதுங்கள்,
வேலை கிடைத்தால் எழுதுங்கள், கிடைக்காவிட்டால் அன்று இரவே எழுதுங்கள்,
எந்த நேரமானாலும் பதில் போடுவேன், ரெப் வேலையை நான் இன்னும் ராஜினாமா செய்யவில்லை.

சரி, பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.
அங்கியைச் சரி பண்ணிக்கொண்டு வரிசையாக வாருங்கள்,
ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் தட்டுங்கள், கடைசிப் பெயர் வரைக்கும்,
முதல் பெயருக்குத் தட்டின அதே சத்தத்தில்!