1.6 ஆய்வின் எல்லையும் விலக்குகளும்

'சிவகங்கை மாவட்ட மானாவாரிக் கண்மாய்களில் நீர்ப்பாய்ச்சி முறை, 1985–2017' என்னும் தலைப்பு, இவ்வாய்வேடு உண்மையில் செய்வதைவிடச் சற்று அகலமாகவே ஒலிக்கிறது. முந்தைய பகுதியில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: கண்மாயில் உள்ள நீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று முடிவு செய்துவந்த நீர்ப்பாய்ச்சி இல்லாமல் போன ஊர்களில், அந்த முடிவை இப்போது எடுப்பவர் யார்? மடைக்கு உள்ளே நிகழ்வதையும் கடைசி வயலின் வரப்பைத் தாண்டி நிகழ்வதையும் இக்கேள்விக்கு விடை காண உதவும் அளவுக்கே எடுத்துக்கொண்டுள்ளேன். பின்வரும் விலக்குகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவை. சில மட்டும் சான்றுகள் இல்லாமையால் நேர்ந்தவை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்வது வாசகரை ஏமாற்றுவதாகும் என்பதால் அவற்றைப் பிரித்தே குறிப்பிடுகிறேன்.

களம் மாவட்டத்தின் பன்னிரண்டு ஊராட்சி ஒன்றியங்களுள் காளையார்கோவில், இளையான்குடி ஆகிய இரண்டு மட்டுமே. அவற்றுள்ளும் பதினான்கு கண்மாய்கள். வைகைப் பாசனமும் பெரியாறு நீட்டிப்புக் கால்வாய்ப் பாசனமும் பெறும் கண்மாய்கள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டன. கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாளைப் பொதுப்பணித் துறை அறிவித்துவந்த இடத்தில், ஊர் எடுக்கும் முடிவு எது, அலுவலகம் எடுக்கும் முடிவு எது என்று பிரித்தறிவது கடினம். மழையை மட்டுமே நம்பிய கண்மாயிலோ ஐப்பசியில் எவ்வளவு நீர் நின்றது என்பது ஊரார் அனைவரின் கண்ணுக்கும் தெரியும். அதைப் பங்கிடுவதன் பொறுப்பும் ஊரிடமே விழும். ஆகவே இங்குக் காணும் முடிவுகளை மானாமதுரை, திருப்புவனம் பகுதியின் ஆற்றுப்பாசனக் கண்மாய்களுக்கு அப்படியே நீட்டிக் கூற இயலாது.

கண்மாயின் பாசனப் பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டால் பொதுப்பணித் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று ஆய்வுக் காலத்தில் இருந்த நிருவாகப் பிரிவை நான் எல்லையாகக் கொள்ளவில்லை. பதினான்கில் ஒன்பது ஒன்றியக் கண்மாய்கள், ஐந்து துறைக் கண்மாய்கள். மடையில் நிற்கும் மனிதருக்கு இந்தக் கோடு பெரும்பாலும் தெரியாது. பழுது பார்க்கப் பணம் கேட்டு அலையும்போதுதான் தெரியவரும். வயலுக்கு நீர் பாய்ச்சப் பயன்படாத ஊருணிகளும் குடிநீர்க் குளங்களும் சேர்க்கப்படவில்லை.

காலத்தின் தொடக்கமாக 1985ஐக் கொண்டதற்குக் காரணம் ஆவணங்களே. அவ்வாண்டுதான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து இம்மாவட்டம் உருவானது. முதலில் பசும்பொன் பெயரிலும் 1997 முதல் சிவகங்கை என்ற பெயரிலும் கோப்புகள் தொடர்கின்றன. இரு பெயர்களின்கீழும் தேட வேண்டியிருந்தாலும் தொடர்ச்சி அறுபடவில்லை. அதற்கு முந்திய ஜமீன் காலமும், 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் கண்மாய்கள் அரசின் பொறுப்புக்கு வந்த ஆண்டுகளும் இத்தலைப்புக்கு மிக நெருக்கமானவை. ஆனால் அவற்றை ஒரு பின்னணி இயலாக எழுதினால் மேலோட்டமாகவே அமையும். தனி ஆய்வுக்குரிய பொருளை முன்னுரையாகச் சுருக்க விரும்பவில்லை. 2017இல் நிறுத்தியது வேறு காரணத்தால். அவ்வாண்டில் புத்துயிர் பெற்ற குடிமராமத்துத் திட்டத்தில் பாசனதாரர் சங்கங்கள் வழியாகப் பணம் ஊருக்குள் வந்ததும், முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வியே வேறு வடிவம் கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், பங்கிட நீரே இல்லாத ஒரு பருவத்தோடு இக்காலப்பகுதி முடிகிறது என்பதும் ஒரு வசதி.

சோழர் காலக் கல்வெட்டுகளைத் தேடி வருபவர்கள் ஏமாறக்கூடும். ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடும் உத்திரமேரூர்ச் சாசனங்களில் தொடங்கி இன்றைய நீர்ப்பாய்ச்சியான மடைக்குடும்பன் வரை ஒரே கோடாக இழுத்துவிடுவது இத்துறை எழுத்துகளில் வழக்கமாகிவிட்டது. தொண்டை மண்டலத்துப் பிராமணச் சபை ஒன்றின் வாரியத்துக்கும், களத்தில் நெல் அளந்து கொடுக்கப்பட்ட ஒரு கூலிப்பணிக்கும் இடையில் தொடர்ச்சி உண்டா என்பதை நான் ஆராயவில்லை. ஆராயாததை உண்டென்று எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இரு கண்மாய்களுக்கு இடையிலான வழக்குகளும் விலக்கப்பட்டுள்ளன. இது எளிதாக எடுத்த முடிவன்று. முன்னோட்டக் களப்பணியின்போது ஒரு கண்மாயின் மிகுநீர் வழியும் கலுங்கின்மேல் மணல் மூட்டைகள் இரண்டு வரிசை அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். மேலூர்க்காரர் அடுக்கினார்கள் என்று கீழூரில் சொன்னார்கள், பழைய கலுங்கு தாழ்ந்துவிட்டது என்று மேலூரில் சொன்னார்கள். இவ்வகைப் பூசல்கள் வருவாய்த் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போகின்றன. நீர்ப்பாய்ச்சியின் சொல் செல்லுபடியானது தன் ஊர் மடையிலிருந்து கீழே மட்டுமே. எனவே கண்மாய்த் தொடர் அன்றி, தனிக் கண்மாயே இங்கு ஆய்வின் அலகு. மேல்கண்மாயின் செயலால் கீழே நீர் குறைந்த ஆண்டுகளை அட்டவணையில் குறித்துள்ளேன். அதன் நியாய அநியாயத்துக்குள் நுழையவில்லை.

வண்டல் அளவு, கொள்ளளவு இழப்பு, ஆவியாதல் போன்ற நீரியல் அளவீடுகள் இதில் இல்லை. அவற்றுக்கான பயிற்சியும் கருவியும் என்னிடம் இல்லை. சீமைக் கருவேல ஏலமும் மீன்பாசி ஏலமும், அவற்றின் வருவாயிலிருந்து நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி கொடுத்த நான்கு ஊர்களில் மட்டும் பேசப்படுகின்றன.

கிணறுகளும் ஆழ்குழாய்க் கிணறுகளும் பற்றிய பகுதியே இவ்வாய்வின் மெலிந்த இடம். வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம், மீட்டர் இல்லை. யார் எவ்வளவு நீர் இறைத்தார் என்று அறிய ஆவணம் எதுவும் இல்லை. சொந்தக் கிணறு உள்ளவர் மடை முறையை விட்டு விலகினாரா என்பதை மட்டும் கேட்டுப் பதிவு செய்தேன். இது நான் விரும்பித் தேர்ந்த விலக்கன்று, சான்றின்மையால் வந்த குறை என்பதை ஐந்தாம் இயலைப் படிப்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

சாதியை விலக்கி எழுதலாமே என்ற ஆலோசனை முன்மொழிவு நிலையில் வந்தது. நான் ஏற்கவில்லை. ஆய்வுக்குட்பட்ட ஊர்களில் இப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர். நிலம் வைத்திருந்தவர்களுள் அவர்கள் குறைவு. தனக்கு நிலமில்லாதவர் நடுநிலையாகப் பங்கிடுவார் என்று நிலவுடைமையாளர்கள் சொன்ன விளக்கமும், "தண்ணி என் கையில, மரியாத அவங்க கையில" என்று முன்னாள் நீர்ப்பாய்ச்சி ஒருவர் சொன்னதும் ஒரே ஏற்பாட்டைப் பற்றியவை. எனினும் ஊரின் பிற சாதி உறவுகள், கோயில் மரியாதை, தேர்தல் முதலியன நீர்ப்பங்கீட்டைத் தொடும் இடம் தவிர வேறெங்கும் விரிக்கப்படவில்லை.

நேர்காணல்கள் 2021 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை, 41 பேரிடம் எடுக்கப்பட்டன. அவர்களுள் பெண்கள் ஆறு பேர் மட்டுமே. நீர் பாய்ச்சுவது ஆண்களின் வேலை என்ற களத்தின் கூற்றை என் மாதிரித் தேர்வும் பின்பற்றிவிட்டதை, பணி முடிந்த பின்பே உணர்ந்தேன். கடைமடை வயல்களில் இரவில் நீருக்குக் காத்திருந்த பெண்களின் அனுபவம் இதனால் போதிய அளவு இடம்பெறவில்லை. 1990க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு நினைவே முதன்மைச் சான்று. ஆண்டுக்கணக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பின் இருக்கலாம்.

ஊர்ப் பெயர்களும் கண்மாய்ப் பெயர்களும் க-1 முதல் க-14 வரையிலான குறியீடுகளால் மாற்றப்பட்டுள்ளன. நடப்பில் உள்ள வழக்குகளில் இவ்வாய்வேடு சான்றாகக் காட்டப்படக்கூடாது என்று மூன்று ஊர்களில் கேட்டுக்கொண்டதால், வரைபடங்களில் வரத்துக் கால்வாய்களும் அளவுகோலும் நீக்கப்பட்டு, மடைகளின் வரிசையும் வயல்களின் திசையும் மட்டுமே காட்டப்பட்டுள்ளன.