வேதாரண்யம் நிலத்தடி நீர் ஆய்வு: ஆகஸ்ட், செப்டம்பர் முன்னேற்ற விவரம்

6 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். போன முறை நான் அனுப்பிய அறிக்கையைப் படித்துவிட்டு, "இதில் எது முடிந்தது, எது நிற்கிறது என்றே தெரியவில்லை, எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்றால் எனக்கு என்ன புரியும்?" என்று கேட்டீர்கள். அதனால் இந்த முறை முடிந்தது, நிற்பது, அடுத்துச் செய்யப் போவது என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். கமிட்டிக்கான ஆங்கிலப் படிவம் தனியாக வரும். இது உங்களுக்கு மட்டும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை தொடங்குவதற்குள் ஆறு கிணறுகளுக்கு மறுபடியும் போயாக வேண்டும். தவறு என்னுடையது. விவரம் கீழே இருக்கிறது.

முடிந்தவை

ஆகஸ்ட் 18 முதல் 21 வரை நான்கு நாள் களப்பணி. தேர்ந்தெடுத்த 42 கிணறுகளில் 38இல் நீர் எடுத்தாயிற்று. மீதி நான்கில் ஒன்றைத் தூர்த்து மேலே மாட்டுக் கொட்டகை போட்டுவிட்டார்கள். இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன. நான்காவது ஒரு போர்வெல், அதில் மோட்டார் எரிந்து கிடந்தது. தூர்த்த கிணற்றுக்குப் பதிலாக அதே தெருவில் ஓர் அடிபம்பைக் குறித்து வைத்திருக்கிறேன்.

வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துத்திறன் மூன்றையும் 38 இடங்களிலும் அங்கேயே அளந்தோம். பைகார்பனேட்டையும் களத்திலேயே டைட்ரேட் செய்தோம். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து செய்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறிக் கணக்கு மாறிவிடும் என்று நீங்கள் சொன்னதுதான் காரணம். வெயிலில் ப்யூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிரமமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது கணக்குப் போடும்போது அதன் அருமை தெரிகிறது.

ஆய்வகத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் முடிந்தன. ஆனால் இது 32 மாதிரிகளுக்கு மட்டும். இந்த 32இல் நேர், எதிர் அயனிகளின் சமநிலைப் பிழை 29க்கு ஐந்து சதவீதத்துக்குள் வருகிறது. மூன்று மாதிரிகள் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கின்றன. மூன்றுமே உப்பளத்தை ஒட்டிய, மிகவும் கரிக்கும் தண்ணீர். நூறு மடங்கு நீர்த்து அளந்ததில் பிப்பெட் பிழை பெருகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை மட்டும் மறுபடி செய்வேன்.

மணல்மேட்டுத் தோட்டக் கிணறுகளில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள மோலார் விகிதம் 1க்கு மேல் இருக்கிறது. உப்பளப் பக்கத்துக் கிணறுகளில் (எண் 31 முதல் 36 வரை) அது 0.82 முதல் 0.88 வரை. கடல்நீரில் 0.86. வரைபடத்தைப் பார்த்த உடனே "கடல் உள்ளே வந்துவிட்டது" என்று எழுதத் தோன்றியது, எழுதியும் விட்டேன். அப்புறம் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். ஏன் என்பதைத் தடைபட்டவற்றில் சொல்கிறேன்.

27ஆம் எண் கிணற்றைப் பற்றி நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், இங்கேயே எழுதிவிடுகிறேன். அது முல்லைத் தோட்டத்துக்குள் இருக்கிற ஆழமில்லாத உறைக்கிணறு. நான் வாளியை வேகமாக விட்டதைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி சத்தம் போட்டார். "முக்காதே புள்ள, மெல்ல விடு. மேல்தண்ணி நல்ல தண்ணி, அடியைக் கலக்கினா கரிக்கும். அப்புறம் பூச்செடிக்கு ஊத்த முடியாது" என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று மீட்டரின் கம்பியை நீளவிட்டு அளந்தேன். மேற்பரப்பில் 640 மைக்ரோசீமன்ஸ். ஒன்றரை மீட்டர் கீழே 2,150. ஒரே கிணறு, ஒன்றரை மீட்டர் வித்தியாசம், மூன்று மடங்குக்கும் மேல்! நாம் பாடத்தில் படிக்கிற நன்னீர் வில்லையின் அடி விளிம்பு அந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. பாட்டிக்கு அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கைக்கணக்காகவே தெரிந்திருக்கிறது.

இதனால் எனக்கு ஒரு சங்கடமும் வந்துவிட்டது. 26 வரை எடுத்த உறைக்கிணறுகளில் வாளி எந்த ஆழத்துக்குப் போனது என்று நான் குறிக்கவில்லை. 27க்குப் பிறகுதான் எல்லாவற்றிலும் மேற்பரப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். போர்வெல்லிலும் அடிபம்பிலும் இந்தச் சிக்கல் இல்லை. முன்னால் எடுத்த உறைக்கிணறுகள் ஒன்பது. அவற்றை அட்டவணையில் தனி நிறத்தில் காட்டியிருக்கிறேன்.

தடைபட்டவை

முதலாவது, நான் செய்த தவறு. இரண்டாம் நாள் மதியம் எடுத்த 15 முதல் 20 வரையான ஆறு மாதிரிகளில் இரண்டு பாட்டிலிலும் நைட்ரிக் அமிலம் விட்டுவிட்டேன். நேர் அயனிகளுக்கான பாட்டிலில் மட்டும்தான் விட வேண்டும். சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தோம், இரண்டு பாட்டிலுக்கும் ஒரே வெள்ளை மூடி. குளோரைடு டைட்ரேஷனில்தான் தெரிய வந்தது. சில்வர் நைட்ரேட் விட்டுக்கொண்டே இருக்கிறேன், செங்கல் நிறம் வரவே இல்லை. ரசாயனம் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கலக்கி அரை நாளை வீணாக்கினேன். அப்புறம் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் சிவப்பு. அமிலத்தில் சில்வர் குரோமேட் எப்படி வரும்?

இந்த ஆறிலும் நைட்ரேட்டைப் பற்றிப் பேசவே முடியாது, நானே ஊற்றியிருக்கிறேன். புரோமைடும் போயிற்று. அயன் குரோமட்டோகிராஃபில் புரோமைடு முகடு நைட்ரேட்டுக்குச் சற்று முன்னால் வரும், இவ்வளவு நைட்ரேட் இருந்தால் அதற்குள் மூழ்கிவிடும். எனவே புதிதாக எடுப்பதைத் தவிர வழியில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அது மழைக்கு முந்தைய மாதிரியாக இருக்காது.

இரண்டாவதுதான் பெரியது: புரோமைடு. நம் துறையின் அயன் குரோமட்டோகிராஃபில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து பம்ப் அழுத்தம் நிற்கவில்லை. சர்வீஸ் ஆள் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, சீல் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்துப் போனார். அது கொள்முதல் பிரிவில் இருக்கிறது. வாரம் ஒரு முறை போய்க் கேட்கிறேன், "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள்.

புரோமைடு இல்லாமல் ஏன் நகர முடியாது என்று நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். சோடியம்–குளோரைடு விகிதம் கடல்நீரைப் போல இருப்பதால் மட்டும் கடல்நீர் ஊடுருவல் என்று சொல்லிவிட முடியாது. உப்பளப் பாத்திகளில் தேக்குவதும் கடல்நீர்தான். அது கசிந்து இறங்கினாலும் அதே விகிதம்தான் காட்டும். குளோரைடு–புரோமைடு நிறை விகிதம் கடல்நீரில் ஏறத்தாழ 290. உப்பு படிந்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் புரோமைடு தங்கிவிடுவதால் விகிதம் அதற்குக் கீழே இறங்கும். படிந்த உப்பை மழைநீர் கரைத்து இறங்கியிருந்தால் மேலே ஏறும். ஆனால் உப்பு படிவதற்கு முன்பே பாத்தி நீர் கசிந்திருந்தால் புரோமைடும் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆக்சிஜன் ஐசோடோப்புதான் வேண்டும், ஏனென்றால் ஆவியானது போக மிஞ்சிய நீரில் ஆக்சிஜன்-18 கூடியிருக்கும். இதை எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. புரோமைடு வந்த பிறகு பார்க்கலாம்.

ஓர் ஆறுதல் என்னவென்றால், புரோமைடு பாட்டிலில் கெட்டுப்போகாது. 32 மாதிரிகளும் குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவசரம் மாதிரிக்கு இல்லை, எனக்குத்தான்.

மூன்றாவது, கிணற்று வாய்களின் உயரம். கையடக்க ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தில் பல மீட்டர் பிழை வருகிறது. நாம் தேடுவதோ கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டருக்குள் நிற்கும் நீர்மட்டம். ஒரு மீட்டர் தவறினால் கைபன்–ஹெர்ஸ்பர்க் கணக்கில் நன்னீர் ஆழம் நாற்பது மீட்டர் தவறும். கட்டுமானத் துறையில் டி.ஜி.பி.எஸ். இருக்கிறது, இறுதியாண்டு மாணவர்கள் வைத்திருக்கிறார்கள். நவம்பரில் தருவதாகச் சொன்னார்கள், எழுத்தில் இல்லை.

பழைய நீர்மட்டத் தரவு வரவில்லை. இதைத் தடை என்று எழுதக் கை வரவில்லை. விண்ணப்பத்தில் உங்கள் கையொப்பம் வாங்காமல் மூன்று வாரம் பையிலேயே வைத்திருந்தேன். அதேபோல் இரண்டாம் இயலும் எதனாலும் தடைபடவில்லை, நான் எழுதவில்லை, அவ்வளவுதான். பதினோரு பக்கத்தில் நிற்கிறது. களத்துக்குப் போகிற நாட்கள் உற்சாகமாகப் போய்விடுகின்றன. படித்ததைக் கோத்து எழுத உட்கார்ந்தால் ஆய்வகத்தில் ஏதாவது வேலை இருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

அடுத்துச் செய்யவிருப்பவை

நீங்கள் சரி என்றால் 9, 10 தேதிகளில் வேதாரண்யம் போகிறேன். அந்த ஆறு கிணறுகள், பூட்டியிருந்த இரண்டு வீடுகள், புதிய அடிபம்பு. இந்த முறை அமிலம் விடும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி, வாங்கியாயிற்று. நேரம் இருந்தால் ஒன்பது உறைக்கிணறுகளிலும் மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று மின்கடத்துத்திறன் மட்டும் அளந்து வருவேன். ஆகஸ்டில் எடுத்ததையும் இதையும் ஒரே தொகுப்பாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். அதற்காக ஆகஸ்டில் ஒழுங்காக எடுத்த மூன்று கிணறுகளில் மறுபடியும் எடுத்து ஒப்பிடுகிறேன். வண்டியைத் தவிர்த்துப் பேருந்தும் அங்கே ஒரு ஆட்டோவும் போதும், முன்பு வந்த ஆட்டோ அண்ணனிடமே பேசிவிட்டேன். தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் போய் வந்துவிடலாம்.

புரோமைடுக்கு வெளி ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு 650 ரூபாய் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உப்பளப் பக்கம் ஆறு, மணல்மேட்டில் மூன்று, இரண்டுக்கும் நடுவில் மூன்று, ஆக 12. மொத்தம் 7,800 ரூபாய். நம் கருவி சரியானதும் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பன்னிரண்டையும் மறுபடி ஓட்டினால் ஒப்பீடாகவும் இருக்கும். தற்செயல் செலவுத் தொகையில் இவ்வளவு மிச்சம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்க உங்கள் பெயரைச் சொல்லலாமா?

அக்டோபர் 31க்குள் இரண்டாம் இயல், முழுதாக இல்லாவிட்டாலும் படிக்கிற நிலையில், உங்கள் மேசைக்கு வரும். நவம்பரில் மழை விடுகிற நாட்களைப் பார்த்து உயர அளவீடு. மழைக்குப் பிந்தைய மாதிரி எடுப்பு ஜனவரி கடைசி வாரம், அதே கிணறுகள், அதே ஆழம்.

புதன்கிழமை மதியம் நீங்கள் துறையில் இருந்தால் பத்து நிமிடம் வருகிறேன். தரவு விண்ணப்பத்தை அச்சிட்டு எடுத்து வருவேன், கையொப்பம் வேண்டும். பயணத்துக்கு மட்டும் அதற்கு முன்பே ஒரு வரி பதில் போட்டால் பயண அனுமதிக் கடிதம் வாங்கிவிடுவேன்.

பணிவுடன்,
கவிதா

இணைப்பு: 38 மாதிரிகளின் அட்டவணை. அமிலம் கலந்த ஆறு வரிசைகளை அழிக்காமல் கோடிட்டு வைத்திருக்கிறேன்.